முடியையும் பின்னணியையும் சுத்தமா வெட்டி, ஓவியமாக்கின ஆளைப் புது சீன்ல வைக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணே, முதல்ல படத்தை ஓவியமா மாத்திட்டு வெட்டணுமா, இல்ல வெட்டிட்டு மாத்தணுமா?

வெட்டுறதுதான் முதல் வேலை. ஆனா வெட்டின உடனே பில்டரை ஓட்டிடக் கூடாது, நடுவுல ஒரு வேலை இருக்கு, அதைத்தான் பாதிப் பேர் தாண்டிப் போயிடுறாங்க, அதைக் கீழ சொல்றேன்.

ஒரே படத்தை வச்சே சொல்லிடுறேன், அப்பதான் குழம்பாது. ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துல எடுத்த கல்யாணப் பொண்ணு படம். தலைக்குப் பின்னாடி வெள்ளைப் பனி, இடுப்புக்குக் கீழ தேயிலைச் செடி, சடையை முன்னால போட்டிருக்கு, தலை நிறைய மல்லிகைச் சரம், காத்துல நெத்தி முடி பறக்குது. வீட்டுக்காரங்க கேட்டது, பொண்ணை எண்ணெய்ச் சாயத்துல வரைஞ்ச மாதிரி ஆக்கி, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு முன்னால சாயந்தர வெளிச்சத்துல நிக்க வைக்கணும், எட்டுக்கு அஞ்சு அடி பெனர்.

இந்தப் படத்துக்கு போட்டோஷொப்ல நேரா Oil Paint போட்டா என்ன நடக்கும்னா, அந்த பில்டர் பக்கத்துப் பக்கத்துல இருக்கிற கலரை எல்லாம் சேர்த்து ஒரு பிரஷ் இழுப்பா இழுத்து விடும், அதுக்கு எது முடி எது பனின்னு தெரியாது. மூணு முடியும் நடுவுல உள்ள பனியும் சேர்ந்து ஒரு சாம்பல் இழுப்பா மாறிடும். அதுக்குப் பிறகு எந்தக் கருவியை வச்சு வெட்டினாலும் அந்தச் சாம்பலை முடின்னும் சொல்ல முடியாது, பனின்னும் சொல்ல முடியாது. அதனால முடியோட வடிவத்தை ஒரிஜினல் படத்துல இருந்துதான் எடுக்கணும், அதுவும் படத்தைச் சின்னதாக்குறதுக்கு முன்னால.

நான் வெட்டின படம் ஸ்கிரீன்ல நல்லா இருந்துச்சு, புது பேக்ரவுண்ட்ல வச்சதும் தலையைச் சுத்தி வெள்ளையா ஒரு கோடு. ஏன்?

எனக்கும் நடந்திருக்கு. ஆரம்பத்துல ஒரு பெனர்ல பொண்ணைப் பகல் சீன்ல வச்சு முடிச்சேன், கடைசி நேரத்துல ராத்திரி சீனா மாத்தச் சொன்னாங்க, மாத்திக் கொடுத்துட்டேன். கட்டின பிறகு பொண்ணோட மாமா வந்து "புள்ளைக்கு ஏன் தம்பி சாமி மாதிரி ஒளிவட்டம் போட்டிருக்கீங்க"ன்னு கேட்டாரு. பதிலே சொல்ல முடியல.

காரணம் இதுதான். முடி ஒரு பிக்சலை விட மெல்லிசு. அதனால ஓரத்துல உள்ள ஒரு பிக்சலுக்குள்ள கொஞ்சம் முடியும் கொஞ்சம் பனியும் கலந்துதான் பதிவாகியிருக்கும். கணக்கா எழுதினா:

```
C = αF + (1 − α)B
```

C நம்ம கண்ணுல படுற கலர், F முடியோட உண்மையான கலர், B பின்னணி, α அந்தப் பிக்சல்ல முடி எவ்வளவு பங்கு. முடி 30, பனி 230, முடியோட பங்கு 0.4ன்னு வைங்க. 0.4 × 30 கூட்டல் 0.6 × 230, அதாவது 12 கூட்டல் 138, மொத்தம் 150. கறுப்பு முடின்னு நம்ம நினைக்கிற இடத்துல உண்மையில உட்கார்ந்திருக்கிறது நடுத்தரச் சாம்பல்.

இப்ப மாஸ்க் போட்டு வெட்டி, 40 அளவு இருட்டான சீன்ல வைக்கிறீங்க. மாஸ்க் 0.4ன்னு ரொம்பச் சரியாவே இருக்குன்னு வச்சுக்குவோம். 0.4 × 150 கூட்டல் 0.6 × 40, அதாவது 84 வரும். பொண்ணு நெசமாவே அங்க நின்னிருந்தா 0.4 × 30 கூட்டல் 0.6 × 40, வெறும் 36தான் வரணும். 36 இருக்க வேண்டிய இடத்துல 84 இருக்குல்ல, அதுதான் உங்க வெள்ளைக் கோடு.

கவனிக்க வேண்டியது, இதுல மாஸ்க் மேல தப்பே இல்ல. மாஸ்க் வடிவத்தை மட்டும்தான் வெட்டும், கலந்து போன கலரைப் பிரிக்காது. அதனாலதான் மாஸ்க்கை உள்ள தள்ளித் தள்ளிச் சுரண்டுறவங்களுக்குக் கோடு போகும்போது முடியும் சேர்ந்து போயிடுது, கடைசியில தலை மொட்டையடிச்சு மை பூசின மாதிரி நிக்கும். வடிவத்தையும் கலரையும் ரெண்டு தனி வேலையாப் பாருங்க, மத்ததெல்லாம் அதுல இருந்து தானா வரும்.

சரி, வடிவத்தை எடுக்கிறது எப்படி? Select and Mask போட்டாலே போதாதா?

பனிக்கு முன்னால நிக்கிற கறுப்பு முடிக்குப் பல நேரம் போதும். ஆனா இந்தப் படத்துல மேல பனி, கீழ தேயிலை, ரெண்டுக்கும் ஒரே செட்டிங் ஒத்து வராது, பனிக்குச் சரியா வச்சா தேயிலைக்குள்ள சடை கரைஞ்சு போகுது. அதனால நான் பழைய முறையில சேனல்ல இருந்துதான் எடுப்பேன், கூட ஒரு பத்து நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

Channels பேனலைத் திறந்து Red, Green, Blue மூணையும் தனித்தனியா பாருங்க. எதுல முடிக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் அதிகமோ அதுதான் வேணும். நீல வானம்னா Blue நல்லா வரும், ஆனா நம்ம பனி சாம்பல் வெள்ளை, மூணு சேனல்லயும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பொதுவா Blue சேனல்ல புள்ளிப் புள்ளியா இரைச்சல் கூட, அதனால பனிக்கு நான் Green எடுக்கிறேன். தேயிலைப் பகுதிக்கும் Greenதான், ஏன்னா இலை பச்சை வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்புது, அந்த சேனல்ல மட்டும் இலை கொஞ்சம் வெளுத்துத் தெரியும், முடி கறுப்பாவே இருக்கும். Blueல பார்த்தா இலையும் கறுப்பு முடியும் கறுப்பு, ஒண்ணுமே பிரியாது.

சேனல் ஒண்ணுதான், ஆனாலும் ரெண்டு கொப்பி எடுங்க, ஒண்ணு பனிக்கு ஒண்ணு தேயிலைக்கு. பனி கொப்பியில Ctrl+L அடிச்சு Levels திறந்து, கறுப்பு முனையை 50 பக்கமும் வெள்ளை முனையை 200 பக்கமும் கொண்டு வாங்க, பனி சுத்த வெள்ளையாகுறப்ப நிறுத்துங்க. இங்கதான் அவசரப்படுறது. முடி முழுக் கறுப்பாகுற வரைக்கும் இழுத்தா பறக்கிற மெல்லிசு முடி எல்லாம் தடிச்சுக் கம்பியா மாறிடும், ஓரத்துல கொஞ்சம் சாம்பல் இருக்கணும், அந்தச் சாம்பல்தான் மேல சொன்ன α. மிச்சம் இருக்கிற அழுக்கை Dodge கருவியை Highlightsல வச்சு பனிப் பக்கமும், Burn கருவியை Shadowsல வச்சு முடிப் பக்கமும் லேசாத் தடவி எடுங்க. முகம், கழுத்து, சாரி எல்லாம் கறுப்பு பிரஷ்ஷால நிரப்பிடுங்க. Ctrl+I அடிச்சுத் திருப்பினா ஆள் வெள்ளை, பின்னணி கறுப்பு.

தேயிலை கொப்பியில இவ்வளவு சுத்தமா வராது, கொழுந்து வெளுப்பா இருக்கும், முத்தின இலை கறுத்து இருக்கும், முடியோட சேர்ந்துக்கும். அங்க சேனலோட மல்லுக்கட்ட வேணாம். சடையோட ஓரத்தைப் பென் டூலால ஒரு கோடாப் போட்டு எடுத்துடுங்க, கிளம்பி நிக்கிற நாலஞ்சு முடியைப் பிறகு கையால போட்டுக்கலாம். ரெண்டு கொப்பியும் முடிஞ்சதும், இடுப்புக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ஒரே சேனலாச் சேர்த்துக்குங்க, அதுதான் நம்ம மாஸ்க்.

கைக்கும் உடம்புக்கும் நடுவுல, சடைக்கும் கழுத்துக்கும் நடுவுல, ஜிமிக்கிக்குள்ள எல்லாம் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அதுக்குள்ள பழைய பனி எட்டிப் பார்க்கும், அதையும் மாஸ்க்ல கறுப்பாக்கிடுங்க. சாயந்தரச் சிவப்பு சீன்ல வச்சதும் ஜிமிக்கிக்குள்ள மட்டும் ஹப்புத்தளைப் பனி தெரிஞ்சா எப்படி இருக்கும் சொல்லுங்க.

மல்லிகைப் பூ பாதி காணாம போயிடுது அண்ணே.

போகத்தான் செய்யும், வெள்ளைப் பூவுக்குப் பின்னாடி வெள்ளைப் பனி, சேனலுக்கு ரெண்டும் ஒண்ணு. பூவைச் சேனல்ல தேடவே கூடாது. 200 சதவீதத்துக்குப் பெரிசாக்கி, சரத்தோட வெளி ஓரத்தைப் பென் டூலால சுத்தி வந்து, 0.5 பிக்சல் ஃபெதர் வச்சுத் தனி செலக்‌ஷனா எடுத்து முடி சேனல்ல வெள்ளையால நிரப்பிடுங்க. ஒவ்வொரு இதழையும் வெட்ட வேணாம், கடைசியில எண்ணெய்ச் சாயமா ஆகப் போறது, மொட்டு மொட்டாத் தெரியிற மாதிரி மேடு பள்ளம் இருந்தா போதும். எனக்கு ஒரு முழச் சரத்துக்கு கால் மணி நேரம் ஆகும், ஒரு ரேடியோப் பாட்டு நிகழ்ச்சி போட்டுட்டு உட்கார்ந்தா தெரியாது.

பூவுக்கு ஒரு வசதியும் இருக்கு. அதோட ஓரத்துல பனி கலந்திருந்தாலும் வெள்ளையோட வெள்ளைதானே, ஒளிவட்டப் பிரச்சினை முடிக்கு வர்ற மாதிரி வராது. சாயந்தர சீன்ல மட்டும் பூ ரொம்ப நீல வெள்ளையாத் தெரியும், லேசா மஞ்சள் ஏத்தினா சரி.

கலந்து போன கலரை Decontaminate Colors போட்டா எடுத்துடும்தானே?

எடுக்கும், ஆனா கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் விடும். அது பண்றது, ஓரத்துல உள்ள பிக்சலுக்கு பக்கத்துல முழுசா செலக்ட் ஆன இடத்துக் கலரைக் கடன் கொடுக்கிறது. முடிக்குப் பக்கத்துலயே பூ இருந்தா பூ வெள்ளை முடிக்கு வந்துடும். போட்டோவாவே வைக்கிறதுன்னா அதைப் போட்டுட்டு மிச்சத்தை பிரஷ்ஷால சரி பண்ணிக்கலாம். ஓவியமாக்கப் போறோம்னா அதே வேலையை நம்ம கையால பண்றதுதான் நல்லது, மேல நடுவுல ஒரு வேலைன்னு சொன்னேன்ல, அது இதுதான்.

நம்ம மாஸ்க்கை ஒரு கொப்பி எடுத்து நாலஞ்சு பிக்சல் உள்ள சுருக்குங்க. Filter > Other > Minimum போட்டு 4 கொடுத்தா வெள்ளை சுருங்கும். இதுல பறக்கிற முடி எல்லாம் போயிடும், பரவாயில்ல, நமக்கு இப்ப வேணும்னா பனியே கலக்காத உள்முடியோட கலர் மட்டும்தான். அந்தச் சுருங்கின மாஸ்க்கால ஆளை வெட்டித் தனி லேயரா வைங்க, மாஸ்க்கை Apply பண்ணிடுங்க. அந்த லேயரை ஒரு கொப்பி எடுத்து அடியில வச்சு Gaussian Blur 4, இன்னொரு கொப்பி அதுக்கும் அடியில Blur 8, அதுக்கு அடியில 16. மங்கலான லேயர் அரைகுறையாத் தெரியும், அதையே ரெண்டு மூணு தடவை டூப்ளிகேட் பண்ணிச் சேர்த்தா கெட்டியாகிடும். எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தா, முடியோட கறுப்பு தலையைத் தாண்டி வெளிய வழிஞ்ச மாதிரியும், சாரியோட சிவப்பு சாரியைத் தாண்டி வழிஞ்ச மாதிரியும் இருக்கும். அசிங்கமா இருக்கேன்னு பயப்படாதீங்க, அப்படித்தான் இருக்கணும். பறக்கிற முடி எவ்வளவு தூரம் போகுதோ அந்த அளவுக்குக் கறுப்பு போயிருக்கான்னு மட்டும் பாருங்க, பத்தலன்னா முடிக் கலரையே எடுத்து பெரிய பிரஷ்ஷால வெளிய பூசி விடுங்க. பூவுக்குப் பக்கத்துல வெள்ளை வழிஞ்சிருந்தா அதையும் அப்பவே கறுப்பால மூடிடுங்க.

இப்ப இந்த வழிஞ்ச லேயருக்குத்தான் Oil Paint. பில்டர் பக்கத்துல எதைத் தொட்டாலும் முடிக் கலரைத்தான் தொடும், பனி அங்க இல்லவே இல்ல. பில்டர் முடிஞ்ச பிறகு முன்னால எடுத்து வச்ச மாஸ்க்கை மேல போடுங்க. மேல போட்ட கணக்குல 84 வந்த இடத்துல இப்ப 36 வரும், ஏன்னா F இப்ப நிஜமாவே 30.

இதுல ஒரு நட்டமும் இருக்கு, பறக்கிற ஒவ்வொரு முடியிலயும் இருந்த மினுமினுப்பு போயிடும், எல்லாம் ஒரே கறுப்பா வரும். போட்டோவுல அது உறுத்தும். ஓவியத்துல யாரும் தேட மாட்டாங்க.

எல்லாம் பண்ணியும் முடி மட்டும் போட்டோ மாதிரியும் முகம் ஓவியம் மாதிரியும் இருக்கு, ஒட்டவே மாட்டேங்குது.

முகத்துல பிரஷ் இழுப்பு ஒவ்வொண்ணும் எட்டு பத்து பிக்சல் அகலம், தலைக்கு மேல ஒரு பிக்சல் முடி நூறு பறக்குது. எந்த ஓவியர்கிட்டயும் அவ்வளவு மெல்லிசு பிரஷ்ஷும் இருக்காது, அவ்வளவு பொறுமையும் இருக்காது. அப்ப நம்ம கஷ்டப்பட்டு எடுத்த மாஸ்க்கையும் ஓவியமாக்கணும். கேக்கும்போது வயிறு எரியும், தெரியும்.

மாஸ்க்கைக் கொப்பி எடுத்துட்டு, பூ இருக்கிற இடத்தை விட்டு முடி ஓரத்தை மட்டும் செலக்ட் பண்ணி Filter > Noise > Median போடுங்க, ரேடியஸ் 4. Median நடுவுல உள்ள அளவைத்தான் எடுக்கும், அதனால சுமார் நாலு பிக்சலுக்கும் மெல்லிசான தனி முடி எல்லாம் மறைஞ்சு, பக்கத்துப் பக்கத்துல அடர்த்தியா இருந்ததெல்லாம் சேர்ந்து ஒரு கத்தையாகிடும். அதுக்குப் பிறகு Levelsல 90க்கும் 165க்கும் நடுவுல இறுக்கினா ஓரம் மங்கலா இல்லாம தெளிவா வரும். உங்க படத்துல பிரஷ் இழுப்பு இன்னும் அகலம்னா Medianஐ 6 வரைக்கும் கூட்டுங்க, அளவு எப்பவும் முகத்துல உள்ள மெல்லிசான இழுப்பைப் பார்த்துத்தான்.

இப்ப தலை கொஞ்சம் தொப்பி போட்ட மாதிரி இருக்கும். உயிர் வர்றதுக்கு பத்துப் பன்னிரண்டு கத்தையை நம்மளே போடணும். மாஸ்க்ல வெள்ளை பிரஷ், Shape Dynamicsல நுனி மெலியிற மாதிரி வச்சு, அடியில எட்டு பிக்சல் நுனியில ரெண்டு. ஆனா எங்க போடுறதுன்னு கற்பனை பண்ணக் கூடாது, ஒரிஜினல் போட்டோவை மங்கலா மேல வச்சு, அதுல எந்தப் பக்கம் முடி கிளம்புதோ அந்தப் பக்கமே போடணும். காத்து இடப்பக்கம் இருந்து அடிச்சிருக்கு, நீங்க ரெண்டு பக்கமும் அழகா இருக்கட்டும்னு போட்டா பொண்ணு மின்சாரம் தாக்கின மாதிரி நிக்கும். நெத்தி ஓரத்துல மூணு, காதுக்கிட்ட ரெண்டு, சடை அடியில மிச்சம், இந்தப் படத்துக்கு அவ்வளவுதான் போட்டேன்.

இதைக் கேட்டுட்டு, அப்ப முதல்லயே பென் டூலால தலையை உருட்டா வெட்டிட்டு கத்தை போட்டா ஆகாதான்னு கேப்பீங்க. கோடு போட்டுக் கலர் நிரப்பின கார்ட்டூன்னா ஆகும், நானே அப்படித்தான் பண்றேன். எண்ணெய்ச் சாயத்துக்கு ஆகாது, எங்க அடர்த்தி எங்க ஐதுன்னு அந்த மெல்லிசு மாஸ்க்தான் சொல்லுது.

சுத்தமா வெட்டியாச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அடியில மூணு கலர் லேயர் வைங்க, கறுப்பு, வெள்ளை, நல்ல சிவப்பு. ஒவ்வொண்ணா ஆன் பண்ணி 100 சதவீதத்துல பாருங்க, 33 சதவீதத்துல எல்லாமே அழகாத்தான் இருக்கும். கறுப்புல வெள்ளைக் கோடு தெரியும், வெள்ளையில கறுத்த கோடும் விட்டுப் போன தூசும் தெரியும், சிவப்புல பச்சைக் கசிவு தெரியும். பிறகு Altஐ அழுத்திக்கிட்டு மாஸ்க்கைக் கிளிக் பண்ணினா மாஸ்க் மட்டும் வரும், ஆளுக்குள்ள சாம்பல் திட்டு இருந்தா அந்த இடத்துல பாலம் உடம்புக்குள்ளால தெரியப் போகுதுன்னு அர்த்தம்.

பச்சைக் கசிவுன்னா தேயிலையில பட்ட வெளிச்சம் சாரி ஓரத்துலயும் முழங்கையிலயும் ஏறியிருக்கிறது. அது வெட்டுற பிரச்சினை இல்ல, ஆள் மேலயே இருக்கிற கலர். மேல ஒரு லேயரை Color மோடுல வச்சு, பக்கத்துச் சாரிக் கலரை எடுத்து லேசாத் தடவினா போயிடும். ஓவியமாக்குறதுக்கு முன்னால பண்ணிடுங்க.

வட்ஸ்அப்ல வந்த படத்துல ஏன் இதெல்லாம் சரி வர மாட்டேங்குது?

படமா அனுப்பினா சின்னதாக்கி JPEGஆ நசுக்கி அனுப்புது. அந்த நசுக்கல்ல வெளிச்ச அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் இருக்கும், ஆனா கலரை நாலு பிக்சலுக்கு ஒண்ணுன்னுதான் வைக்கிறாங்க, மனுசக் கண்ணுக்கு அது தெரியாதுன்னு. கண்ணுக்குத் தெரியாதுதான், மாஸ்க்குக்குத் தெரியும். தேயிலைக்கு முன்னால நிக்கிற முடிக்கு பச்சைக் கலரே ஏறியிருக்கும், சுத்தி எட்டுக்கு எட்டு கட்டமா நடுக்கம் வேற. படம் எடுத்தவர்கிட்ட அதே வட்ஸ்அப்லயே டொக்யுமெண்டா அனுப்பச் சொல்லுங்க, அப்படியே வரும். கிடைக்கவே இல்லன்னா முடி மாஸ்க்குக்கு மினக்கெட வேணாம், பென் டூல், கத்தை, முடிஞ்சுது.

பாலத்துக்கு முன்னால வச்சாச்சு, ஆனாலும் ஒட்டி வச்ச மாதிரியே இருக்கு.

ரெண்டு காரணத்துல ஒண்ணா இருக்கும். பெரும்பாலும் அளவு. எட்டுக்கு அஞ்சு அடி பெனர் 72 டிபிஐயில 6912 க்கு 4320 பிக்சல். பொண்ணு அதுல நாலு அடி உயரம் நிக்கணும்னா 3456 பிக்சல். ஒரிஜினல்ல பொண்ணு 3600 பிக்சல் இருந்துச்சு, ஏறக்குறைய சரி. பாலம் படம் 3000 பிக்சல் அகலம்தான், பெனருக்கு ரெண்டு மடங்குக்கு மேல பெரிசாக்கணும். ரெண்டையும் ஒரிஜினல் அளவுல ஓவியமாக்கிட்டு பிறகு பெரிசாக்கினா, பாலத்துல இழுப்பு இருபது பிக்சல், பொண்ணு மேல எட்டு. ஒரே ஓவியர் ஒரே பிரஷ்ஷால வரைஞ்சதுன்னு யார் நம்புவாங்க? அதனால மாஸ்க் எடுக்கிறது ஒரிஜினல் அளவுல, பிறகு எல்லாத்தையும் பெனர் அளவுக்குக் கொண்டு வந்து, அதுக்குப் பிறகு ரெண்டுக்கும் ஒரே செட்டிங்ல பில்டர். தூரத்துல இருக்கிற மலைக்கு மட்டும் இழுப்பு கொஞ்சம் பெரிசா இருந்தா தப்பில்ல, ஓவியர்களும் தூரத்தை மொத்தமாத்தான் போடுவாங்க.

மத்தது வெளிச்சம். பனிக்குள்ள எடுத்த படத்துல வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமா வரும், நிழலே இருக்காது, அது நமக்கு நல்லதுதான், எந்தப் பக்கம் வேணும்னாலும் வெயிலைப் போட்டுக்கலாம். பாலத்துக் கல்லுல எந்தப் பக்கம் மஞ்சள் விழுந்திருக்குன்னு பாருங்க. ஆளுக்கு மேல ஒரு லேயரைக் கிளிப் பண்ணி, Screen மோடுல, அந்தப் பக்க ஓரத்துக்கு மட்டும் பத்துப் பதினைஞ்சு பிக்சல் அகலத்துக்கு சீன்ல இருந்தே எடுத்த செம்மஞ்சளைப் போடுங்க, அதுவும் கோடா இல்லாம இழுப்பா. முடிக் கத்தையோட நுனியில அது விழுந்தா சாயந்தர வெயில் முடிக்குள்ளால வர்ற மாதிரி இருக்கும். வேடிக்கை என்னன்னா ஒளிவட்டத்தை எடுக்கப் பாடுபட்டுட்டு கடைசியில நம்மளே ஒண்ணு போடுறோம், ஆனா இது ஒரு பக்கம் மட்டும், சீனோட கலர்ல.

போட்டோஷொப் இல்ல, ஜிம்ப்தான் இருக்கு.

எல்லாம் நடக்கும். Channels டயலொக்ல Greenஐ ரைட் கிளிக் பண்ணி டூப்ளிகேட் எடுத்து, Colors > Levels, பிறகு Colors > Invert, பிறகு Channel to Selection, அதை லேயர் மாஸ்க்கா போடுங்க. Median அங்க Filters > Blur > Median Blurல இருக்கு, ஓவியத்துக்கு Filters > Artistic > Oilify. Oilify இழுப்பு கொஞ்சம் கட்டி கட்டியா வரும், மாஸ்க்கையும் அதுக்கு ஏத்த மாதிரி இன்னும் பருமனா வைங்க. பனிப் பின்னணிக்கு Color to Alpha போட ஆசை வரும், அது முடிக்கு நல்லா வேலை செய்யும், ஆனா மல்லிகைப் பூ, கண் வெள்ளை, பல் எல்லாத்தையும் சேர்த்து ஓட்டை போட்டுடும், முடி ஓரத்தை மட்டும் செலக்ட் பண்ணிட்டுப் போடுங்க.

பாட்டிக்கு நரைமுடி, பின்னாடி லயத்து வெள்ளைச் சுவர், அதுல இருந்து எடுக்க முடியுமா?

முடியாது தங்கச்சி. F உம் B உம் ஒரே அளவா இருந்தா α எவ்வளவுன்னு எந்தக் கணக்காலயும் கண்டுபிடிக்க முடியாது, அந்தத் தகவல் படத்துலயே இல்ல. கறுப்பு முடிக்கு வேற சேனல் பார்க்கலாம், இதுக்கு எல்லா சேனலும் ஒண்ணு. சுவர்ல பாட்டியோட நிழல் விழுந்திருந்தா மட்டும் அந்தப் பக்கத்து ஓரம் கொஞ்சம் கிடைக்கும்.

ஆனா ஓவியமாக்கப் போறதால நமக்கு வழி இருக்கு. கொண்டை எங்க முடியுதுன்னு கண்ணால பார்த்துப் பென் டூலால வெட்டிட்டு, முடிக்குள்ள இருக்கிற நிழல் சாம்பலை எடுத்து எட்டு பிக்சல் பிரஷ்ஷால வாரின திசையிலயே கத்தை போடுங்க, மேல வெள்ளையால நாலு இழுப்பு. நரைமுடி ஓரத்துல சுவர் வெள்ளை ஒட்டியிருந்தாலும் உறுத்தாது, அது நரையோட நரையாப் போயிடும். பாட்டியோட வேற படம், இருட்டுக் கதவுக்கு முன்னால நின்ன மாதிரி ஏதாவது வீட்டுல இருக்கான்னு முதல்ல கேளுங்க, முடி எந்தப் பக்கம் கிளம்பும்னு அதைப் பார்த்துப் போட்டுக்கலாம்.